மலை ஏறினால் மூச்சு, இறங்கினால் தொடை

பழனிமலையோ சபரிமலையோ ஏறி இறங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும். மறுநாள் நாற்காலியில் உட்கார விடாமல் தொடை வலிப்பதோ பெரும்பாலும் இறங்கியதால். ஒவ்வொரு படியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. அப்போதுதான் தசை இழைகளில் நுண்ணிய சேதம் அதிகம். அந்த வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும்.

ஜிம்மில் எடை தூக்குகிறவர்கள் மூச்சுத் திறனுக்காகக் கடைசிப் பத்து நிமிடத்தில் செய்யும் 'ஃபினிஷர்' பல நேரம் இந்த இறக்கத்தைத்தான் கொண்டுவருகிறது. பாக்ஸ் ஜம்ப்பில் தரையிறங்கும் நொடி, லஞ்ச்சில் முட்டி மடங்கும் நொடி, இரண்டுமே இறக்கம்தான். திங்களன்று ஸ்குவாட் முடித்த கையோடு நூறு லஞ்ச் போட்டவர் வியாழக்கிழமை டெட்லிஃப்ட்டுக்கு வரும்போது, வழக்கமான எடையே பாறையாகக் கனக்கும்.

ஸ்லெட்டில் இறக்கமே கிடையாது. தட்டுகள் ஏற்றிய இரும்புச் சட்டத்தைத் தள்ளுகிறோம். நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறது. திரும்பி வந்து நம்மை அழுத்த எதுவும் இல்லை. இதயம் படபடக்கும், தொடை எரியும், ஆனால் மறுநாள் வலி மிகக் குறைவு. கால் வேலை செய்த நாளிலேயே காலுக்கு இன்னும் வேலை கொடுக்க இதைவிடப் பாதுகாப்பான கருவியை நான் பார்த்ததில்லை.

மூச்சுப் பயிற்சி பலத்தைத் தின்றுவிடும் என்ற பயம் எங்கிருந்து வந்தது? 1980இல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு இதில் பிரபலம். பலப் பயிற்சியையும் கடுமையான ஓட்டம், சைக்கிள் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு முதல் வாரங்களில் பலம் ஏறியது. பத்து வாரத்தின் கடைசிப் பகுதியில் இறங்கத் தொடங்கியது. ஆனால் அவர்கள் வாரத்தில் பெரும்பாலான நாள்கள் இரண்டையும் கடுமையாகச் செய்தவர்கள். பத்து நிமிட ஃபினிஷருக்கு அந்தப் பயத்தை அப்படியே பொருத்த வேண்டியதில்லை. இங்கே எதை எந்த நாளில் வைக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

75 கிலோ எடையுள்ள ஒருவர் திங்கள் ஸ்குவாட், செவ்வாய் பெஞ்ச் பிரஸ், வியாழன் டெட்லிஃப்ட், வெள்ளி தோள் பிரஸ் என்று பழகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லெட் திங்களன்று. 20 மீட்டர், ஆறு முறை, இடையில் ஒன்றரை நிமிட ஓய்வு. எவ்வளவு எடை என்று கேட்டால் பதில் தரையில் இருக்கிறது: செயற்கைப் புல்லில் ஒரு மாதிரி வழுக்கும், ரப்பர் தரையில் வேறு மாதிரி பிடிக்கும். அதனால் கடிகாரத்தைப் பாருங்கள். முதல் ஓட்டம் 12 விநாடி என்றால், 15 விநாடியைத் தாண்டியதும் அன்றைக்குப் போதும்.

பேட்டில் ரோப் செவ்வாயன்று, பெஞ்சுக்குப் பிறகு. கால் ஓய்வெடுக்கும், தோளும் முன்கையும் உழைக்கும். 15 விநாடி ஆட்டி 45 விநாடி நின்று, எட்டுச் சுற்று. அலை, கயிறு கட்டிய கம்பம் வரை போய்ச் சேர வேண்டும். பாதியிலேயே செத்தால் களைத்துவிட்டீர்கள் என்று பொருள். கம்பத்தை நோக்கி ஓரடி முன்னே போனால் கயிறு தொய்ந்து வேலை கூடும், பின்னே வந்தால் குறையும்.

மூன்றில் நான் மிகவும் யோசித்து வைப்பது, இரு கையிலும் எடை பிடித்து நடக்கும் கேரியைத்தான். தசை வலி அதிகம் தராது என்பதால் பலரும் இதை இலவசம் என்று நினைக்கிறார்கள். ஆனால் பிடியும் முதுகும் களைக்கும், அவை இரண்டும் டெட்லிஃப்ட்டுக்கு வேண்டியவை. புதன்கிழமை செய்தால் மறுநாள் கம்பி கையை விட்டு வழுக்கும். வெள்ளியன்று செய்தால் சனி, ஞாயிறு ஓய்வு கிடைக்கிறது. கைக்கு 24 கிலோவில் தொடங்கி, 30 மீட்டர் நான்கு நடை. தோள் காதை நோக்கி ஏறினாலோ, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தாலோ கீழே வைத்துவிடலாம். அப்படி வைக்கும்போதுதான் பலருக்கு முதுகு பிடிக்கிறது. முட்டியை மடக்கி இறக்குங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்கலாம்.

வியாழனன்று எதுவும் வேண்டாம். டெட்லிஃப்ட்டே போதும்.

ஸ்லெட் இல்லாத ஜிம்தான் அதிகம். வழுவழுப்பான தரையில் துண்டை விரித்து, அதன்மேல் ஒரு தட்டை வைத்துக் குனிந்து தள்ளினாலும் அதே தத்துவம்தான், முதுகு கொஞ்சம் முறையிடும். இது ஒத்துப்போகிறதா என்று அறிய அடுத்த திங்களின் வார்ம்-அப் போதும்: வெறும் கம்பியும் முதல் தட்டுகளும் வழக்கத்தைவிட மெதுவாக எழுந்தால், அந்த வாரம் இரண்டு சுற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.