எண்பதில் ஓடும்போது பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

ஊருக்குள் ஒரு சார்ஜில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் மின்சார ஸ்கூட்டரை நெடுஞ்சாலையில் ஏற்றி எண்பதில் பிடித்தால், அறுபது கிலோமீட்டரிலேயே சார்ஜர் தேட வைத்துவிடுகிறது. வண்டி பழுதில்லை, பேட்டரியும் கெட்டுப்போகவில்லை. விளம்பரத்தில் வரும் தூரம் எந்த வேகத்தில் அளந்தது என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். நம் நாட்டில் சான்றிதழுக்காக வண்டியை ஓட்டிப் பார்க்கும் சோதனைச் சுழற்சியில் உச்ச வேகமே மணிக்கு 42 கிலோமீட்டர்தான். சராசரி 22-ஐச் சுற்றியே இருக்கும். நெடுஞ்சாலை அந்தச் சோதனையில் இல்லவே இல்லை.

மீதிப் பாதி காற்றில் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். டயர் சாலையில் உருள்வதற்கு ஆகும் செலவோ ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஓட்டுபவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு ஸ்கூட்டரை, ஆளையும் சேர்த்து 195 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால், சமதளத்தில் சீராக நாற்பதில் போக கிலோமீட்டருக்கு 21 வாட் மணி மின்சாரம் ஆகிறது. அறுபதில் 36. எண்பதில் 55.

வீட்டு மின்கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் மணி. ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் போன்ற ஒரு ஸ்கூட்டரில் 3.7 யூனிட் பேட்டரி இருக்கிறது. அதில் 3.3 யூனிட்டை ஓட்டத்துக்கு எடுக்க முடியும் என்று கொண்டால், எண்பதில் சரியாக அறுபது கிலோமீட்டர் வருகிறது.

இதை ஒரு சாலையில் வைத்துப் பார்ப்போம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். வழியெல்லாம் மெல்ல ஏறிக்கொண்டே போய், முடிவில் 400 மீட்டர் அளவுக்கு உயர்ந்துவிடுகிறது. இந்த ஏற்றத்துக்கு மட்டும் கால் யூனிட் செலவு. எண்பதில் போனால் மொத்தம் மூன்று யூனிட் தீர்ந்து, ஓசூரில் நுழையும்போது பேட்டரி அடிமட்டத்தில் இருக்கும். அறுபதில் போனால் இரண்டு யூனிட்டோடு முடிந்துவிடும். இதற்காகக் கூடுதலாகச் செலவாகும் நேரம் பன்னிரண்டு நிமிடம்.

தூரம் குறைவது கண்ணுக்குத் தெரிகிறது. பேட்டரி சூடாவது தெரிவதில்லை, ஆனால் எனக்கு அதுதான் பெரிய கவலை. மின்னோட்டம் பேட்டரிக்குள்ளே ஓடும்போது செல்களின் உள் தடையில் கொஞ்சம் மின்சாரம் வெப்பமாக மாறுகிறது. இந்த வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும்: மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மேலே சொன்ன ஸ்கூட்டர் அந்த ஏற்றத்தில் எண்பதில் போகும்போது, அதன் 51 வோல்ட் பேட்டரியிலிருந்து தொண்ணூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. அறுபதில் அதில் பாதி போதும். ஆகவே அறுபதில் பேட்டரிக்குள் பிறக்கும் வெப்பம் கால்பங்குதான். எண்பதில், பதினைந்து பதினாறு கிலோ எடையுள்ள செல் கூட்டத்துக்குள் ஏறக்குறைய 250 வாட் வெப்பம் ஊறிக்கொண்டே இருக்கும். வெளியே போக வழியில்லாவிட்டால் நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். அலுமினியக் கூட்டின் வழியே ஓரளவு காற்றுக்குப் போய்விடுகிறது. என்றாலும், 38 டிகிரி சித்திரை மதியத்தில் கிளம்பிய பேட்டரி ஓசூரைத் தொடும்போது 55-ஐ நெருங்கியிருக்கலாம்.

இவ்வகை லித்தியம் செல்களை 60 டிகிரிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை அதுவரை காத்திருக்காமல், முன்கூட்டியே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். ஓட்டுபவருக்கு அது எப்படித் தெரியும்? த்ராட்டிலை முழுக்க முறுக்கியும் வண்டி எழாது, ஏற்றத்தில் வேகம் தானாக இறங்கும், திரையில் வெப்பக் குறியீடு வரும். சார்ஜ் குறைந்திருந்தாலும் வேகம் இப்படி இறங்கும்; செல்களின் வோல்ட் தாழ்ந்துவிட்டால் மோட்டாரால் பழைய சுழற்சியை எட்ட முடியாது. சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கும்போதே வண்டி மந்தமானால் காரணம் சூடுதான் என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம்.

இந்த இடத்தில் மின்சார மோட்டார்சைக்கிளைக் கொண்டுவருவோம். பெங்களூரில் தயாராகும் அல்ட்ராவயலெட் எஃப்77-இன் பெரிய பேட்டரி 10.3 யூனிட். வண்டி எடை 207 கிலோ. குனிந்து ஓட்டும் இருக்கை, முன்பக்கக் கவசம் இவற்றால் காற்று எதிர்ப்பு சற்றுக் குறையும். எடை அதிகம் என்பதால் டயர் செலவு சற்றுக் கூடும். என் கணக்கில் எண்பதில் கிலோமீட்டருக்கு 52 வாட் மணி. ஸ்கூட்டருக்கு 55! மோட்டார்சைக்கிள் காற்றைக் கிழித்துக்கொண்டு மிகச் சிக்கனமாகப் போகிறது என்ற நம்பிக்கைக்கு இந்த எண்களில் இடமில்லை. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே செலவுதான்.

வேறுபாடு அந்தச் செலவை எத்தனை செல்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன என்பதில் இருக்கிறது. ஸ்கூட்டரைப் போல ஏறக்குறைய மூன்று பங்கு பேட்டரி இருப்பதால், எண்பதில் ஒவ்வொரு செல்லின் மேலும் விழும் சுமை மூன்றில் ஒன்று. வெப்பமோ இருமடிக் கணக்கில் ஏறக்குறைய ஒன்பதில் ஒன்றாகிவிடுகிறது. அதனால்தான் ஸ்கூட்டர் தகிக்கும் வேகத்தில் மோட்டார்சைக்கிள் 175 கிலோமீட்டர் வரை அலட்டாமல் போகிறது.

ஆனால் அதே மோட்டார்சைக்கிளை 120-க்குக் கொண்டுபோனால் கிலோமீட்டருக்கு 100 வாட் மணி ஆகிவிடும். முக்கால் மணி நேரத்தில், தொண்ணூறு கிலோமீட்டரிலேயே, பேட்டரி தீரும். ஒவ்வொரு செல்லும் சுமக்கும் சுமையும் எண்பதில் ஓடும் ஸ்கூட்டரின் செல் சுமக்கும் அதே அளவுக்கு வந்துவிடும். பெரிய பேட்டரியில் நடுவிலிருக்கும் செல்களின் சூடு வெளியேற அதிக நேரம் எடுக்கும் என்பது கூடுதல் சிக்கல். நான்கு வழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த வரம்பு 80 என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வரம்புக்குள் ஓடும் வரைதான் பெரிய பேட்டரியின் முழுப் பலனும் கிடைக்கிறது.

ஆகவே தினமும் இருபது முப்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போய்வருபவருக்கு ஸ்கூட்டர் போதும், அறுபது அறுபத்தைந்தில் வைத்திருந்தால். ஒரே மூச்சில் நூறு கிலோமீட்டரைத் தாண்ட வேண்டியவருக்கு மோட்டார்சைக்கிளைத்தான் சொல்வேன். பதினேழு அங்குலச் சக்கரம் நெடுஞ்சாலைக் குழிகளிலும் லாரி வீசும் காற்றிலும் நிலையாக நிற்பதும் அதற்கு ஒரு காரணம்.

எந்த வண்டியானாலும் திரையில் Wh/km என்று ஓர் எண் வந்தால் அதைக் கவனியுங்கள். மீதி தூரம் என்று வண்டி காட்டுவது, கொஞ்ச நேரத்துக்கு முன் நீங்கள் ஊருக்குள் ஓட்டியதை வைத்துப் போட்ட மதிப்பீடாக இருக்கலாம். நெடுஞ்சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் போனபின் அந்த எண் 50 என்று நின்றால், மிச்சமிருக்கும் ஒரு யூனிட் இருபது கிலோமீட்டருக்குத்தான் வரும்.

போய்ச் சேர்ந்த உடனே வேகச் சார்ஜரில் செருகுவதையும் தவிர்க்கலாம். ஓடும்போது கூட்டைத் தழுவிய காற்று வண்டி நின்றதும் நின்றுவிடுகிறது. நடுச் செல்களின் சூடு அதன் பிறகும் சிறிது நேரம் வெளியே பரவிக்கொண்டிருக்கும். சார்ஜ் ஏற்ற 45 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்பதால், சூடான பேட்டரியில் வண்டியே சார்ஜ் வேகத்தை வெட்டிவிடும். நிழலில் அரைமணி நேரம் நிறுத்திவிட்டுச் செருகினால் சார்ஜ் வேகமாக ஏறும், செல்லும் நாள்பட உழைக்கும்.