சிறுநீரகத்தில் ஒரு கறுப்பு வட்டம்

மேல்வயிற்று வலி மாதக்கணக்கில் விடாததால், திண்டுக்கல்லைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவரை டாக்டர் வயிற்று ஸ்கேனுக்கு அனுப்பினார். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஸ்கேன். வெறும் வயிற்றோடு மகளை அழைத்துக்கொண்டு போனார். ஸ்கேன் எடுத்தவர் பித்தப்பையைச் சீக்கிரம் பார்த்து முடித்துவிட்டு, வலது சிறுநீரகத்தின் பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப அளந்தார். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை.

"ஏதோ இருக்கும்மா. இல்லாட்டி கிட்னியை ஏன் அத்தனை தடவை அளக்கணும்?"

"அளக்காம எப்படிப்பா ரிப்போர்ட் எழுதுவாங்க?" என்றாள் மகள். அவர் மனம் ஆறவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்த ரிப்போர்ட்டில், வலது சிறுநீரகத்தின் மேல்முனையில் 28 மில்லிமீட்டருக்கு ஒரு சிஸ்ட் இருப்பதாக எழுதியிருந்தது. அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டார்.

மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டின் கடைசியில் உள்ள 'இம்ப்ரெஷன்' பகுதியை முதலில் படித்தார். ஸ்கேன் பார்த்தவரின் முடிவு அங்கேதான் இருக்கும். 'சிம்பிள் கார்ட்டிகல் சிஸ்ட்' என்று இருந்தது. அதாவது சாதாரண நீர்க்கட்டி.

"உள்ளே இருப்பது தண்ணிதான்னு எப்படி டாக்டர் தெரியும்?" அப்பா விடவில்லை.

டாக்டர் படத்தைக் காட்டினார். ஸ்கேன் கருவி ஒலி அலையை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு படம் வரைகிறது. தெளிந்த நீரில் பட்டு எதுவும் திரும்பாது, அதனால் அந்த இடம் முழுக் கறுப்பாகத் தெரியும். சதையைக் கடக்கும்போது ஒலி வலுவிழக்கும். நீரைக் கடக்கும்போது அவ்வளவு இழக்காது. ஆகவே நீர்க்கட்டிக்குப் பின்னால் இருக்கும் பகுதி சுற்றுப்புறத்தைவிட வெளுப்பாகத் தெரியும். இவருடைய படத்தில் இந்த இரண்டும் இருந்தன. சுவர் மெல்லியது, உள்ளே தடுப்போ சதையோ இல்லை. வயது 50-ஐத் தாண்டிய பலருக்கு இப்படிப்பட்ட கட்டி இருக்கும். தொல்லை தராதவரை மருந்தும் வேண்டாம், அறுவை சிகிச்சையும் வேண்டாம்.

"தடுப்பு, தடித்த சுவர், சதை ஏதாவது இருந்திருந்தா, மருந்து செலுத்தி சி.டி. எடுக்கச் சொல்லியிருப்பேன்" என்றார் டாக்டர். அப்படிப்பட்ட கட்டிகளைத் தரம் பிரிக்க, மார்ட்டன் போஸ்னியாக் என்ற அமெரிக்க மருத்துவர் 1986-இல் வகுத்த முறை, திருத்தங்களோடு இன்றும் பயன்படுகிறது. சாதாரண நீர்க்கட்டி அதில் முதல் படி, ஆபத்து இல்லாத படி.

அப்பாவுக்கு மூச்சு வந்தது. "அப்போ வலி இதனாலதானா?"

இல்லை. அந்த அளவு நீர்க்கட்டி பெரும்பாலும் வலிக்காது. பித்தப்பையிலும் கல் இல்லை. ஆனால் இரைப்பையின் உட்சுவரில் இருக்கும் புண்ணை இந்த ஸ்கேன் காட்டாது. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்பதற்காக வலியை விட்டுவிடக் கூடாது என்று சொல்லி, எண்டோஸ்கோபிக்கு எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கவும் சொன்னார். பின்னாளில் வேறு எதற்காக ஸ்கேன் எடுத்தாலும், அந்த 28 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டியிருக்கும்.