உங்களுக்குத் தெரியுமா? டிஸ்க்கில் ஓயாமல் எழுதும் புராசஸ்

டிஸ்க் நிரம்பாமலேயே ஒரு புரோகிராம் நாள் முழுக்க அதில் எழுதிக்கொண்டிருக்கும், தெரியுமா?

2016-இல் ஸ்பாட்டிஃபை பயனர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். பாட்டு எதுவும் ஓடாமல் சும்மா திறந்திருந்தபோதும் அந்தச் செயலி மணிக்குப் பல ஜிபி எழுதிக்கொண்டிருந்தது. காரணம் mercury.db என்ற ஒரு கோப்பு. தரவுத்தளக் கோப்பில் காலியிடத்தை நீக்கிச் சீர்செய்ய VACUUM என்றொரு வேலை உண்டு. அது நடக்கும்போது கோப்பு முழுவதும் புதிதாக எழுதப்படும். எப்போதாவது நடக்க வேண்டிய அந்த வேலை ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. பழைய கோப்பின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதியதால் அதன் அளவு கூடவில்லை. டிஸ்க்கில் காலியிடமும் குறையவில்லை. அதனால்தான் பலர் கவனிக்கவே இல்லை. 1.0.42 பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது.

நொடிக்கு 1 எம்பி என்பது நாளுக்கு 86 ஜிபி, தெரியுமா?

ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். நொடிக்கு 1 எம்பி மட்டும் எழுதும் புராசஸ் ஒரு நாளில் 86.4 ஜிபி எழுதிவிடும். டாஸ்க் மேனேஜரில் Disk தலைப்பின் மேல் தெரியும் சதவீதம், டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்பதைத்தான் காட்டுகிறது. வேகமான எஸ்எஸ்டிக்கு நொடிக்கு 1 எம்பி ஒரு பொருட்டே இல்லை. சதவீதம் பெரும்பாலும் 1-ஐத் தாண்டாது, கணினியும் மந்தமாகாது.

தேய்மானம் மட்டும் நடந்துகொண்டிருக்கும். 250 ஜிபி சாம்சங் 850 ஈவோ எஸ்எஸ்டிக்கு அந்நிறுவனம் கொடுத்த எழுதும் வரம்பு 75 டிபி. நாளுக்கு 100 ஜிபி வீதம் எழுதினால் 750 நாளில் அந்த வரம்பைத் தொட்டுவிடலாம். அன்றைக்கே எஸ்எஸ்டி செத்துவிடாது என்பதும் உண்மை. ஆனால் உங்களுக்கு ஒரு பயனும் தராத எழுத்துக்கு அதன் ஆயுளைக் கொடுத்திருப்பீர்கள்.

விண்டோஸில் எந்தக் கோப்பில் எழுதப்படுகிறது என்பது வரை பார்க்கலாம், தெரியுமா?

விண்டோஸ் சாவியோடு R-ஐ அழுத்தி, `resmon` என்று தட்டி என்டர் கொடுங்கள். ரிசோர்ஸ் மானிட்டர் திறக்கும். அதில் Disk தாவலுக்குப் போய், மேல் பட்டியலில் Write (B/sec) என்ற தலைப்பைச் சொடுக்குங்கள். அதிகம் எழுதும் புராசஸ் மேலே வந்து நிற்கும். அங்குள்ள எண் கடைசி ஒரு நிமிடத்தின் சராசரி. ஆகவே திறந்தவுடன் முடிவு கட்டாமல் ஐந்து நிமிடமாவது பாருங்கள். கோப்பு நகலெடுப்பது, அப்டேட் இறங்குவது எல்லாம் ஏறிவிட்டு இறங்கிவிடும். பிரச்சினைக்குரியது இறங்கவே இறங்காது.

அடுத்த படிதான் முக்கியம். சந்தேகப்படும் பெயருக்கு முன்னால் உள்ள கட்டத்தில் டிக் செய்யுங்கள். கீழேயுள்ள Disk Activity பகுதியில் அந்தப் புராசஸ் தொடும் கோப்புகள் மட்டும் முழுப் பாதையோடு தெரியும். Spotify.exe-க்கு டிக் செய்திருந்தால் mercury.db இப்படித்தான் சிக்கியிருக்கும்.

மேலே நிற்பது System என்றால் குற்றவாளி விண்டோஸ்தான் என்று அர்த்தமில்லை, தெரியுமா?

புரோகிராம்கள் எழுதுவதை விண்டோஸ் பெரும்பாலும் முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்து, பிறகு தானே டிஸ்க்கில் இறக்கும். அப்படி இறக்கும்போது கணக்கு System பெயரில், அதாவது PID 4-இல் விழுகிறது. இங்கும் கோப்பின் பெயரே வழிகாட்டி. System-க்கு டிக் செய்து, கீழே வரும் பாதையைப் படியுங்கள். ஏதாவது ஒரு செயலியின் கோப்புறைக்குள் இருக்கும் லாக் கோப்பு என்றால் அந்தச் செயலியைப் பிடியுங்கள். pagefile.sys என்றால் கதை வேறு: ரேம் போதவில்லை, எதையோ மூட வேண்டும்.

லினக்ஸில் `iotop`-ஐ வெறுமனே ஓட்டினால் குழப்பமே மிஞ்சும், தெரியுமா?

எழுதாமல் சும்மா இருக்கும் புராசஸ்களும் சேர்ந்து திரையை நிரப்பும்; எண்களும் நொடிக்கு நொடி துள்ளும். இப்படி ஓட்டிப் பாருங்கள்:

```
sudo iotop -oPa
```

`o` படிக்கவோ எழுதவோ செய்பவற்றை மட்டும் காட்டும். `P` ஒவ்வொரு திரெட்டையும் தனித்தனியாகக் காட்டாமல் புராசஸ் வாரியாகச் சேர்த்துக் காட்டும். மூன்றில் அருமையானது `a`. நீங்கள் `iotop`-ஐத் தொடங்கிய நேரத்திலிருந்து ஒவ்வொன்றும் மொத்தம் எவ்வளவு எழுதியது என்று கூட்டிக்கொண்டே போகும். பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். DISK WRITE பத்தியில் ஒன்று மட்டும் 600 எம்பி காட்டினால் அது நொடிக்கு 1 எம்பி வீதம் எழுதுகிறது. மேலே போட்ட அதே நாளுக்கு 86 ஜிபி கணக்குதான்.

SWAPIN, IO பத்திகள் காலியாக இருந்தால் பதற வேண்டாம். 5.14 கெர்னலிலிருந்து அந்தக் கணக்கு தானாக இயங்குவதில்லை. `sudo sysctl kernel.task_delayacct=1` என்று கொடுத்தால் வரும். எழுதிய அளவைப் பார்க்க அது தேவையும் இல்லை.

பட்டியலில் முதலில் நிற்பது வெறும் எழுத்தராக இருக்கலாம், தெரியுமா?

என் பார்வையில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. `rsyslogd` என்ற புராசஸ் `iotop`-இல் உச்சியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மற்றவர்கள் சொல்வதை லாக் கோப்பில் பதிக்கும் சேவை. அதை நிறுத்தினால் கூச்சல் காதில் விழாது, அவ்வளவுதான். கூச்சலிடுவது யார் என்று கேளுங்கள்:

```
sudo tail -f /var/log/syslog
```

ஒரே வரி நொடிக்கு நூறு தடவை ஓடும். அந்த வரியில் நேரத்துக்கும் கணினிப் பெயருக்கும் அடுத்து இருக்கும் பெயர்தான் நீங்கள் தேடுவது. `jbd2` என்று தொடங்கும் பெயரும் இப்படித்தான். அது ext4-இன் ஜர்னலை எழுதும் கெர்னல் திரெட். அதைக் கொல்லவும் முடியாது. பெரும்பாலும் யாரோ ஒருவர் அடிக்கடி `fsync` கேட்பதால்தான் அது ஓயாமல் ஓடுகிறது. பட்டியலில் அதற்குக் கீழே தேடுங்கள்.

லாக் கோப்பை அழித்தாலும் இடம் திரும்பக் கிடைக்காமல் போகலாம், தெரியுமா?

லினக்ஸில் ஒரு புராசஸ் திறந்து வைத்திருக்கும் கோப்பை `rm` செய்தால் பெயர்தான் போகும். அந்தப் புராசஸ் அதை மூடும் வரை இடம் விடுபடாது. அது தொடர்ந்து எழுதிக்கொண்டும் இருக்கும். `df` நிரம்பியது என்கிறது, `du` கூட்டினால் கணக்கு உதைக்கிறது என்றால் `sudo lsof +L1` கொடுங்கள். அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகளையும் அவற்றைப் பிடித்திருப்பவற்றையும் காட்டும். அந்தப் புராசஸை மறுபடி தொடங்கினால் இடம் திரும்பிவிடும். லாக் கோப்பு பெருத்துவிட்டால் அழிப்பதைவிட `sudo truncate -s 0` கொடுத்து, கோப்பின் பாதையைச் சேர்த்து, உள்ளே இருப்பதைக் காலி செய்வதே நல்லது.

எந்த ஓஎஸ் ஆனாலும், புராசஸை முடிப்பதற்கு முன் நான்கைக் குறித்துக்கொள்ளுங்கள்: அதன் பெயர், பதிப்பு எண், எழுதப்பட்ட கோப்பின் பாதை, பத்து நிமிடத்தில் எழுதிய அளவு. இவை இல்லாமல் "கணினி ஸ்லோ" என்று மட்டும் எழுதினால் தயாரிப்பாளரால் எதையும் திருத்த முடியாது. முதலில் குறிப்பு, பிறகு End Process.