மதிப்பெண்ணுக்கு முன்னால் ஒரு மதிப்பீடு

ஆசிரியர் தகுதித் தேர்வுக்குத் தயாராகும் எவரும் தப்ப முடியாத பகுதி, தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு. சி.சி.இ. என்ற மூன்றெழுத்தில் ஆசிரியர்கள் அழைப்பது இதைத்தான். தகுதித் தேர்வில் பக்கக் கணக்கில் விடை எழுத வேண்டியதில்லை. 150 வினாக்களுக்கும் தரப்பட்ட நான்கு விடைகளில் ஒன்றைக் குறித்தால் போதும். ஆனால் நான்கும் சரியென்றே தோன்றும் வினாக்கள் இந்தப் பகுதியில் அதிகம். நோக்கம், நிறை, குறை என்று ஒருமுறை முழு விடையாக எழுதிப் பார்த்தவர்களே அங்கே தடுமாறாமல் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த முழு விடை எப்படி இருக்க வேண்டும்?

நோக்கத்தைச் சட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, குழந்தை எந்த அளவு புரிந்துகொண்டிருக்கிறது, புரிந்துகொண்டதைப் பயன்படுத்த முடிகிறதா என்பதை விரிவாகவும் தொடர்ச்சியாகவும் மதிப்பிடச் சொல்கிறது. ‘தொடர்’ என்றால் பாடம் நடக்கும்போதே பார்ப்பது. ‘முழுமை’ என்றால் பாட அறிவோடு வாழ்க்கைத் திறன், மனப்பான்மை, உடல்நலம், கலை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பது.

தேர்வர்கள் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘தேர்வே கிடையாது’, ‘யாரையும் ஃபெயில் ஆக்கக் கூடாது’ என்பவற்றைச் சி.சி.இ.யின் நோக்கங்களாக எழுதிவிடுகிறார்கள். தேர்ச்சியில்லை என்று அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றது அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு. 2019இல் திருத்தப்பட்டதும் அந்தப் பிரிவுதான். அது வேறு, இது வேறு. சி.சி.இ.யில் பருவத் தேர்வும் உண்டு, அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறையோடு சேர்ந்து எட்டாம் வகுப்பு வரை சி.சி.இ. வந்தது. பருவத்துக்கு 100 மதிப்பெண். அதில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு, 60 பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு. வளரறியின் 40ஐயும் இரண்டாகப் பிரித்து, செயல்பாடுகளுக்கு 20, சிறுதேர்வுகளுக்கு 20 என்று வைத்தார்கள். மொத்த மதிப்பெண் ஏ1 முதல் இ2 வரையிலான ஒன்பது தரநிலைகளில் ஒன்றாக மாறும்.

இதன் நிறையைப் பாராட்டுரையாக எழுதுவதைவிட ஒரு கணக்கைக் காட்டி எழுதினால் விடை நிற்கும். ஒரு மாணவி நான்கு கழித்தல் கணக்குகளைச் செய்கிறாள் என்று கொள்வோம். 58-23க்கு 35 என்கிறாள், அது சரி. 52-27க்கு 35, 63-28க்கு 45, 71-46க்கு 35 என்று எழுதியிருக்கிறாள்; மூன்றும் தவறு. நான்குக்கு ஒன்று என்று மதிப்பெண் போட்டு நோட்டைத் திருப்பித் தந்தால், ‘கழித்தல் வராது’ என்ற முடிவோடு கதை முடிந்துவிடும்.

விடைகளை உற்றுப் பார்க்கும் ஆசிரியருக்கு வேறொன்று தெரியும். மூன்று தவறுகளும் ஒரே தவறு. 2இலிருந்து 7 போகாது என்பதால் அவள் 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறாள். கழித்தல் அவளுக்குத் தெரியும். கடன் வாங்குவதுதான் தெரியவில்லை. ஐந்து பத்துக்கட்டுக் குச்சிகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரித்துப் போடச் சொன்னால் பன்னிரண்டு தனிக் குச்சிகள் கண்ணுக்குத் தெரியும். அதிலிருந்து ஏழை எடுத்து வைப்பதில் சிரமம் இருக்காது. மறுநாள் 84-59 கொடுத்துப் பார்க்க வேண்டும். 35 என்று எழுதினால் பழைய தவறு இன்னும் போகவில்லை. 25 என்று எழுதினால் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.

வளரறி மதிப்பீடு என்பது இவ்வளவுதான். குழந்தை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கேற்பக் கற்பித்தலை மாற்றி, மாறியதா என்று திரும்பப் பார்ப்பது. வளரறி, தொகுத்தறி என்று இரண்டையும் 1967இலேயே பிரித்துக் காட்டியவர் மைக்கேல் ஸ்கிரிவன். பாடத்திட்டங்களை மதிப்பிடுவதற்காக அவர் சொன்ன இந்தப் பிரிவை வகுப்பறைக் கற்றலுக்குக் கொண்டுவந்தவர் பெஞ்சமின் புளூம். இந்தப் பெயர்கள் தேர்வில் வரலாம். அதைவிட முக்கியம், இரண்டின் வேலையும் வேறு வேறு என்பது.

குறைகள் தொடங்குவதும் அந்த இடத்தில்தான். வளரறிக்கு 40 மதிப்பெண் ஒதுக்கி இறுதி மொத்தத்தில் கூட்டியதும் அதன் குணம் மாறிவிடுகிறது. ஒரு மாணவர் செயல்பாட்டில் 18, சிறுதேர்வில் 9, பருவத் தேர்வில் 24 வாங்குகிறார், மொத்தம் 51. இன்னொருவர் 11, 14, 26 வாங்குகிறார், அவருக்கும் 51. இருவருக்கும் சி1. முதலாமவர் கையால் செய்வதில் வல்லவர், எழுத்தில் தடுமாறுகிறார். இரண்டாமவர் எல்லாவற்றிலும் ஏறக்குறைய பாதியில் நிற்கிறார். இருவருக்கும் தேவைப்படும் உதவி வேறு. அறிக்கை அட்டையோ ஒரே எழுத்தைக் காட்டுகிறது.

மதிப்பெண் இருக்கும் இடத்தில் அதைப் பிடிக்கும் போட்டியும் வந்துவிடும். குழந்தை செய்ய வேண்டிய செயல்திட்டத்தை அப்பா அம்மா செய்து அனுப்புகிறார்கள். ஸ்டேஷனரி கடையில் படத்தாள் வாங்கி சார்ட்டில் ஒட்டினால் பத்துக்கு ஒன்பது கிடைக்கிறது. செயல்பாட்டில் வகுப்பே 18, 19 என்று வாங்கி, பருவத் தேர்வில் பெரும்பாலோர் 60க்கு இருபதைத் தாண்டவில்லை என்றால், அந்த 18 கற்றலை அளக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது ஆசிரியரின் சுமை. ஐந்து பாடங்களையும் ஒருவரே நடத்தும் தொடக்கப் பள்ளியில், வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். பாடத்துக்கு நான்கு செயல்பாடுகள் என்றால் ஒரு பருவத்துக்கு 800 பதிவுகள். சிறுதேர்வுகளும் மனப்பான்மை, வாழ்க்கைத் திறன் பதிவுகளும் இதற்கு மேல். நேரம் போதாமல், பருவக் கடைசியில் ஒரே மூச்சில் பதிவேட்டை நிரப்பினால் ‘தொடர்’ என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. மனப்பான்மைக்கு ‘நன்று’ என்று நாற்பது முறை எழுதுவதாலும் பயனில்லை. ‘பெரிய குழுவில் பேசத் தயங்குகிறாள், இருவராக உட்கார வைத்தால் தெளிவாக விளக்குகிறாள்’ என்று எழுதினால் அது அடுத்த ஆண்டு ஆசிரியருக்கும் பயன்படும்.

சி.பி.எஸ்.இ. 2009இல் ஒன்பதாம் வகுப்பில் கொண்டுவந்த சி.சி.இ. முறையை 2017இல் கைவிட்டது. 2018 முதல் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வும் அங்கே அனைவருக்கும் கட்டாயமானது. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. எனவே தொடக்கக் கல்வியில் தொடர் மதிப்பீடு இன்றும் சட்டக் கடமை என்பதை விடையில் மறக்காமல் குறிப்பிட வேண்டும்.

முடிவுரையில் ‘நிறைகளும் குறைகளும் உண்டு’ என்று பொதுவாக எழுதி நிறுத்துவது போதாது. நிறை எல்லாம் வளரறியிலிருந்து வருகிறது. குறைகளில் பெரும்பகுதி அதை மதிப்பெண்ணாக மாற்றியதிலிருந்து வருகிறது. ஆகவே வளரறியின் ஒரு பகுதியையாவது மதிப்பெண் கூட்டலிலிருந்து விலக்கி வைக்க வேண்டும், பதிவுகளைக் குறைத்து அந்த நேரத்தைக் குறைதீர் கற்பித்தலுக்குத் தர வேண்டும் என்று எழுதினால் விடை நிறைவு பெறும். பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. பள்ளிக்குப் போகும்போது ‘எத்தனை மார்க்’ என்று கேட்பதோடு நிற்காமல், ‘எந்த இடத்தில் தவறு செய்கிறாள், அதற்கு என்ன செய்தீர்கள்’ என்றும் ஆசிரியரிடம் கேளுங்கள்.