ஹைட்ரா 25: எந்த மாத்திரை?

“அம்மாவுக்கு hydra 25 கொடுத்திருக்காங்க. போட்டா தூக்கம் வருமா?” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. இதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஹைட்ராக்ஸிசின் என்றால் அது அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் தரும் மாத்திரை, தூக்கம் வரும். ஹைட்ராலசின் என்றால் இரத்த அழுத்த மாத்திரை; இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். தலைவலியும் படபடப்பும் வரலாம். பெயரின் முன்பாதி ஒன்று. போதாக்குறைக்கு இரண்டுமே 25 மி.கி. அளவில் கிடைப்பதால் அந்த எண்ணும் துப்புக் கொடுக்காது. அமெரிக்க மருந்து நிர்வாகம் இவற்றை hydrALAZINE, hydrOXYzine என வேறுபடும் எழுத்துகளைப் பெரிதாக்கி அச்சிடப் பரிந்துரைக்கிறது. கைபேசியில் அவசரமாகத் தட்டுபவர் அப்படி எழுதமாட்டார். தானியங்கித் திருத்தம் வேறு குறுக்கே வரும்.

“ஹைட்ராக்ஸிசினா?” என்று பெயரை எடுத்துக் கொடுத்துக் கேட்டால், பெரும்பாலும் “ஆமாம்” என்றே பதில் வரும். பட்டையில் உள்ளதை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்வது மேல்; படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. கம்பெனிப் பெயரும் மூலமருந்தின் பெயரும் அதில் இருக்கும். பார்க்க வேண்டியது மூலமருந்தின் பெயரைத்தான். கையில் இருப்பது எது என்பதை மட்டுமே பட்டை காட்டும். மருத்துவர் எழுதியதும் அதுதானா என்பது மருந்துச் சீட்டைப் பார்த்தால்தான் தெரியும். எந்த உபாதைக்காகக் கொடுத்தார்கள் என்ற கேள்வியும் உதவும்: அரிப்புக்குப் போன இடத்தில் ஹைட்ராலசின் வந்திருந்தால், அதைப் போடுமுன் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்க வேண்டும்.