கால்வாயில் ஓரடி வண்டல் இருந்தால் எவ்வளவு தண்ணீர் குறையும்? கணக்கு இதோ!

மழை வந்தாலே 'கால்வாயைத் தூர்வாரியாச்சா?' என்ற கேள்வியும் வந்துவிடும். ஓரடி மண்தானே, மேலே இடம் இருக்கே என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஓரடி எவ்வளவு தண்ணீரைத் தடுக்கும் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இதற்கு உலகம் முழுக்கப் பயன்படுவது, அயர்லாந்து பொறியாளர் ராபர்ட் மானிங் 1889-ல் முன்வைத்த ஆய்விலிருந்து வந்த சூத்திரம்.

```
V = (1/n) × R^(2/3) × S^(1/2)
Q = A × V
```

V என்பது தண்ணீரின் சராசரி வேகம், S சரிவு, n சொரசொரப்பு. A என்பது தண்ணீர் ஓடும் குறுக்குப் பரப்பு. அதைத் தண்ணீர் தொடும் அடிப்பக்கம், இரண்டு சுவர்கள் ஆகியவற்றின் மொத்த நீளத்தால் வகுத்தால் R. கடைசியில் வரும் Q-தான் நொடிக்கு ஓடும் தண்ணீரின் அளவு.

1 மீட்டர் அகல கான்கிரீட் கால்வாயில் 0.8 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். சரிவு 1,000-க்கு 1. பரப்பு 0.8 சதுர மீட்டர். தண்ணீர் தொடும் நீளம் 1 + 0.8 + 0.8 = 2.6 மீட்டர். அப்போ R சுமார் 0.31. கான்கிரீட்டுக்கு n 0.015. வேகம் நொடிக்கு 0.96 மீட்டர், அதாவது நொடிக்கு சுமார் 770 லிட்டர் ஓடும்.

இப்போ அதே கால்வாயில் 30 செ.மீ. வண்டல். நீர்மட்டம் மாறவில்லை, ஆனால் ஆழம் 0.5 மீட்டர்தான். R 0.25 ஆகிறது. இந்தக் குறைவால் மட்டுமே 770 லிட்டர் 420 ஆகிவிடும். அதோடு முடியவில்லை. மண்ணும் கல்லும் செடியும் கிடப்பதால் n 0.025 வரை ஏறினால், மிஞ்சுவது வெறும் 250 லிட்டர்! ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் போச்சு, தண்ணீரிலோ மூன்றில் இரண்டு பங்கு போச்சு.

மணிக்கு 50 மி.மீ. மழை பெய்து, மண்ணில் இறங்காமல் அப்படியே ஓடி வந்தால், சுத்தமான கால்வாய் சுமார் 13.7 ஏக்கர் தண்ணீரைக் கடத்தும். வண்டல் கால்வாய்க்கு நாலரை ஏக்கரே அதிகம்.

இதில் சரிவை அளப்பதுதான் சிக்கல். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும், ஆனால் 10 மீட்டரில் இறக்கம் 1 செ.மீ.தான் என்பதால், அளவில் 1 செ.மீ. தப்பினாலே சரிவு இரட்டிப்பாகிவிடும். 50 மீட்டராவது எடுத்து அளப்பது நல்லது.

விடையைச் சரிபார்க்க, நேரான 10 மீட்டர் நீளத்தில் ஒரு தெர்மாகோல் துண்டை மிதக்க விடுங்கள். மேற்பரப்பு வேகத்தில் சுமார் 85 சதவீதம்தான் சராசரி வேகம். சுத்தமான கால்வாயில் துண்டு 9 நொடியில் கடக்கும், வண்டல் கால்வாயில் 17 நொடி ஆகும்.

கணக்கைவிட மிக மெதுவாகப் போகுதா? கீழே போகப்போக ஆழமும் கூடுதா? அப்படியானால் ஆறோ கடலோ நிரம்பி, கால்வாய்த் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்த நேரத்தில் கால்வாய் அடியின் சரிவைப் போட்டால் விடை தப்பாக, அதிகமாக வரும். நீர்மட்டத்தின் சரிவைத்தான் அளந்து போட வேண்டும்.