பிப்ரவரியில் பிறக்கும் வருஷம்

2024 ஜனவரி 30, செவ்வாய்க்கிழமை மதியம். அமெரிக்கத் துணிக்கடைச் சங்கிலி ஒன்றுக்கு விற்பனை அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் சென்னை அலுவலகத்தில் அப்போது எனக்கு வேலை. காலாண்டு வாரியான அட்டவணையில் Q1 முதல் Q4 வரை நான்கு வரிகள் இருக்கும். அன்றைக்கு அதற்கும் கீழே Q5 என்று புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. அதில் ஞாயிறு, திங்கள் என இரண்டே நாள் விற்பனை.

ஒரு வருஷத்தில் ஐந்தாவது கால் எங்கிருந்து வந்தது என்று நான் விழித்துக்கொண்டிருக்க, குழுவில் மூத்தவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அம்பத்திமூணாவது வாரம்ப்பா. அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து எல்லாரையும் ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போகும்."

அமெரிக்கக் கடைக்காரர்கள் பலருக்குச் சுவரில் தொங்கும் காலண்டர் ஒன்று, கணக்குக்கு இன்னொன்று. காரணம் சனி, ஞாயிறு. அவர்கள் விற்பனையில் பெரும்பங்கு வார இறுதியில் நடக்கிறது. 2024 ஜூன் மாதத்தில் ஐந்து சனி, ஐந்து ஞாயிறு இருந்தன. 2025 ஜூனில் சனிக்கிழமை நான்குதான். இரண்டுமே முப்பது நாள் மாதம். விற்பனை குறைந்துவிட்டதே என்று மேலாளரைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டால் அவர் என்ன செய்வார் பாவம், ஒரு சனிக்கிழமை காணாமல் போனதற்கு?

அதனால் மாதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வாரத்தை அலகாக எடுத்துக்கொண்டார்கள். வருஷத்துக்கு 52 வாரம், காலாண்டுக்கு 13. பதின்மூன்றை மூன்றாகப் பிரித்தால் சமமாக வராது. எனவே முதல் பிரிவுக்கு நான்கு வாரம், இரண்டாவதற்கு நான்கு, மூன்றாவதற்கு ஐந்து. இதுதான் 4-4-5. இந்தப் பிரிவுகளை மாதம் என்று சொல்வதில்லை, பீரியட் என்பார்கள். வருஷத்துக்குப் பன்னிரண்டு பீரியட். ஒவ்வொரு வாரமும் ஞாயிறு தொடங்கிச் சனியில் முடியும். சென்ற வருஷத்துப் பத்தாவது பீரியடில் நான்கு சனிக்கிழமை என்றால் இந்த வருஷத்துப் பத்தாவது பீரியடிலும் நான்குதான்.

கிறிஸ்துமஸ் விற்பனையும், அதன் பின்னால் வரும் தள்ளுபடியும், பிடிக்காத பரிசைத் திருப்பிக் கொடுக்கும் கூட்டமும் ஓய ஜனவரி முடிந்துவிடும். அதனால் இந்த வருஷம் பிப்ரவரி வாக்கில் தொடங்கும். விதி இது: ஜனவரி 31-க்கு மிக அருகில் உள்ள சனிக்கிழமை வருஷத்தின் கடைசி நாள். இதைப் புரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. ஜனவரி 29 முதல் பிப்ரவரி 4 வரை ஏழு நாள். அதற்குள் ஞாயிறு ஒன்றே ஒன்றுதான் வரும். அதுதான் வருஷப் பிறப்பு. 2025-இல் அது பிப்ரவரி 2. 2026-இல் பிப்ரவரி 1.

இனி ஒரு தேதியை எடுத்துக்கொள்வோம். 2025 நவம்பர் 28, வெள்ளி. அமெரிக்கக் கடைகளில் கூட்டம் அலைமோதும் பிளாக் ஃப்ரைடே. இது எந்த வாரம், எந்தப் பீரியட்?

வருஷம் பிறந்த பிப்ரவரி 2-லிருந்து நவம்பர் 28 வரை கடந்த நாட்கள் 299. ஏழால் வகுத்தால் 42, மீதி 5. முழுதாக முடிந்த வாரங்கள் 42, ஆகவே நாம் நிற்பது 43-ஆவது வாரத்தில். மீதியையும் வீணாக்க வேண்டாம், அது கணக்கைச் சரிபார்த்துத் தரும். ஞாயிறு பூஜ்யம் என்றால் 5 வெள்ளி. சரியாக இருக்கிறது.

அடுத்தது காலாண்டு. முடிந்துபோன 42 வாரத்தைப் பதின்மூன்றால் வகுத்தால் 3, மீதி 3. மூன்று காலாண்டு முழுதாக முடிந்து, நான்காவதிலும் மூன்று வாரம் முடிந்திருக்கிறது. ஆகவே இது நான்காம் காலாண்டின் நான்காவது வாரம். காலாண்டில் 1 முதல் 4 வரை முதல் பீரியட், 5 முதல் 8 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. முந்தைய மூன்று காலாண்டுகளில் ஒன்பது பீரியட் போய்விட்டதால் நமக்குக் கிடைப்பது பத்தாவது பீரியடின் நான்காவது வாரம். அவ்வளவுதான், வாய்க்கணக்காகவே போடலாம்.

எக்செலில் போடுவதென்றால், C2-வில் ஆண்டை எழுதினால் முதல் சூத்திரம் வருஷம் பிறக்கும் ஞாயிறைத் தரும். அதை B2-விலும் தேதியை A2-விலும் வைத்தால் இரண்டாவது சூத்திரம் வார எண்ணைத் தரும்.

```
=DATE(C2,2,4)-WEEKDAY(DATE(C2,2,4))+1
=INT((A2-B2)/7)+1
```

இரண்டாவதற்குப் பூஜ்யமோ அதற்குக் கீழோ விடை வந்தால் பதற வேண்டாம். அந்தத் தேதியில் புது வருஷம் இன்னும் பிறக்கவில்லை, C2-வில் ஓர் ஆண்டைக் குறைத்துப் போட வேண்டும் என்று பொருள். ஜனவரித் தேதிகள் பெரும்பாலும் முந்தைய நிதியாண்டைச் சேர்ந்தவை. 2026 ஜனவரி 31 சனிக்கிழமை, அது 2025-ஆம் நிதியாண்டின் கடைசி நாள். மறுநாள் 2026 பிறக்கிறது.

நம் ஊரில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்பவர்களுக்கென்றே இன்னொரு குழி இருக்கிறது. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். 2024-ஆம் நிதியாண்டின் முதல் நாளான பிப்ரவரி 4 அங்கிருந்து 02/04/2024 என்று வரும். நம் கணினி அதை ஏப்ரல் 2 என்று படித்துக்கொண்டு ஒன்பதாவது வாரம் என்று சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது. முதல் வாரத்தில் விற்பனை பாதியாகக் கிடந்தால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

4-4-5 என்பதற்குப் பங்காளிகளும் உண்டு. அமெரிக்கச் சில்லறை வணிகர் கூட்டமைப்பு வெளியிடும் காலண்டர் 4-5-4. ஐந்து வாரப் பிரிவு நடுவில் வரும். பார்க்கப் பெரிய வித்தியாசம் போல இருந்தாலும், வார எண்ணும் காலாண்டும் இரண்டிலும் ஒன்றுதான். பீரியட் மட்டும், அதுவும் ஒவ்வொரு காலாண்டின் ஒன்பதாவது வாரத்தில் மட்டும் மாறும். மேலே பார்த்த பிளாக் ஃப்ரைடே இரண்டிலும் பத்தாவது பீரியட், நான்காவது வாரம்தான். வருஷம் முழுவதற்குமாக நான்கே வாரம் சண்டைக்குரியவை: 9, 22, 35, 48.

அந்த 48 கொஞ்சம் வில்லங்கமானது. 2025-ஆம் நிதியாண்டில் அது டிசம்பர் 28 முதல் ஜனவரி 3 வரை, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வரும் தள்ளுபடி வாரம். 4-5-4 அதை டிசம்பரோடு சேர்க்கிறது, 4-4-5 ஜனவரியோடு. துணி விற்பவருக்கு டிசம்பரோடு இருப்பதே பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனாலும் எங்கள் வாடிக்கையாளர் 4-4-5-ஐ விடவில்லை. இரண்டு கடைகளின் டிசம்பர் விற்பனையை ஒப்பிட உட்காருகிறவர் முதலில் எந்த வகைக் காலண்டர் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது Q5-க்கு வருவோம். 52 வாரம் என்பது 364 நாள். சூரியனுக்கோ 365, லீப் வருஷத்தில் 366. எனவே வருஷப் பிறப்பு ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிரண்டு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். 2018-இல் பிப்ரவரி 4, பிறகு 3, 2, லீப் வருஷத்தைத் தாண்டி ஜனவரி 31, அப்புறம் 30, 2023-இல் 29. ஜன்னலின் விளிம்புக்கு வந்தாயிற்று, இனி நகர இடமில்லை. அந்த வருஷத்தின் கடைசியில் ஒரு வாரத்தைச் சொருகினால்தான் அடுத்தது மறுபடியும் பிப்ரவரி 4-இல் பிறக்க முடியும். 2017-க்கும் 2023-க்கும் இப்படி 53 வாரம் கிடைத்தது. டார்கெட் நிறுவனத்தின் 2023-ஆம் நிதியாண்டு 2024 பிப்ரவரி 3-இல் முடிந்தது இதனால்தான். அடுத்த முறை 2028-ஆம் நிதியாண்டில், 2029 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை.

2024 ஜனவரி 28 ஞாயிறை எங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். 2023 ஜனவரி 29-லிருந்து சரியாக 364 நாள் கடந்திருக்கிறது. 52 வாரம் முடிந்து 53 தொடங்குகிறது. முடிந்த 52-ஐப் பதின்மூன்றால் வகுத்தால் 4, மீதி பூஜ்யம். நான்கு காலாண்டு முடிந்துவிட்டது, இது ஐந்தாவது என்று கணினி நேர்மையாகச் சொல்லிவிட்டது. எழுதி வைத்தவர்தான் இந்த வாரத்தை நினைக்கவில்லை. திருத்தம் ஒரு சொல்தான். D2-வில் வார எண் இருந்தால்:

```
=MIN(4,INT((D2-1)/13)+1)
```

காலாண்டு நான்கைத் தாண்டாது. உபரி வாரம் கடைசிப் பீரியடோடு ஒட்டிக்கொள்ளும். 4-4-5 அந்த ஒரு காலாண்டுக்கு மட்டும் 4-4-6 ஆகிவிடும்.

திருத்தி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தது ஒரு வாரம். பிப்ரவரியில் புது வருஷம் தொடங்கியதும் ஒப்பீட்டில் தகராறு. 2024-இன் முதல் வாரம் பிப்ரவரி 4 முதல் 10 வரை. 2023-இன் முதல் வாரமோ ஜனவரி 29 முதல் பிப்ரவரி 4 வரை. எண் ஒன்றாக இருந்தாலும் நாள் ஏறக்குறைய ஒரு வாரம் தள்ளி நிற்கிறது. இதற்கு வழக்கமான வைத்தியம், 53 வார வருஷத்தின் முதல் வாரத்தைக் கழற்றிவிட்டு, மீதியை ஒரு படி நகர்த்துவது. அதாவது 2024-இன் முதல் வாரத்தை 2023-இன் இரண்டாவது வாரத்தோடு ஒப்பிடுவது.

நகர்த்தினோம். அக்டோபர் வரை எல்லாம் ஒழுங்கு. நவம்பரில் மாட்டிக்கொண்டோம். தேங்க்ஸ்கிவிங் நவம்பரின் நான்காவது வியாழன், மறுநாள் பிளாக் ஃப்ரைடே. 2023-இல் அது நவம்பர் 24, 2024-இல் நவம்பர் 29. எண்ணிப் பார்த்தால் இரண்டுமே 43-ஆவது வாரம். நகர்த்தாமல் விட்டிருந்தால் தானாகப் பொருந்தியிருக்கும். நாங்கள் நகர்த்தியதால் 2024-இன் பிளாக் ஃப்ரைடே, 2023-இல் அது முடிந்த அடுத்த வாரத்தோடு மோதி, விற்பனை பிய்த்துக்கொண்டு போவதாகக் காட்டியது. சரி, நகர்த்தாமலே வைக்கலாம் என்றால் கிறிஸ்துமஸ் வாரம் இடிக்கும். 2024-இன் 47-ஆவது வாரத்தில் கிறிஸ்துமஸ் இருக்கிறது. 2023-இன் 47-ஆவது வாரம் டிசம்பர் 23-இலேயே முடிந்துவிடுகிறது.

மூத்தவரிடம் கேட்டேன். "ரெண்டையும் போடுப்பா" என்றார். அந்த வருஷம் முடியும்வரை எங்கள் அறிக்கையில் போன ஆண்டுக்கென்று இரண்டு பத்திகள் இருந்தன. ஒன்று வார எண்ணின்படி, இன்னொன்று தேதியின்படி.